பணவீக்கம்: மூன்று வாக்கியத்தில் ஒரு பதில்

2023 ஆகஸ்ட் 14-ஆம் தேதி மாலை தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஓர் எண்ணை வெளியிட்டது: 7.44 சதவீதம். அதற்கு முந்தைய ஜூலை மாதத்தின் சில்லறைப் பணவீக்கம் அது. அந்த ஜூலை முழுக்க வீட்டுக்கு வீடு பேச்சே தக்காளிதான். கோயம்பேட்டில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசே இறங்கியிருந்தது. ரசம் வெளுத்துப்போனதைப் பிள்ளைகளும் கவனித்திருப்பார்கள். “பணவீக்கம்னா என்ன?” என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

அவனுக்குக் கிடைக்கும் பதில்தான் சிக்கல். நாளிதழ்ச் செய்தியையும் பாடப்புத்தக நடையையும் கலந்து எழுதினால் அந்தப் பதில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அடிப்படையிலான சில்லறைப் பணவீக்கம், காய்கறி விலை உயர்வு காரணமாக, ஜூன் மாதத்தின் 4.87 சதவீதத்திலிருந்து ஜூலையில் 7.44 சதவீதமாக அதிகரித்து, ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பான 6 சதவீதத்தைக் கடந்தது. பொது விலைமட்டத்தின் தொடர் உயர்வான பணவீக்கம் பணத்தின் வாங்கும் சக்தியைக் குறைக்கிறது. தேவை மிகுதியாலோ, உற்பத்திச் செலவு ஏற்றத்தாலோ, பண அளிப்பின் பெருக்கத்தாலோ ஏற்படும் இதனை வங்கி ரெப்போ விகிதத்தின் மூலம் கட்டுப்படுத்துகிறது.”

இதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனாலும் இதைப் படித்த பிள்ளை, புத்தகத்தை மூடிவிட்டுத் தங்கையிடம் போய்ச் சொல்ல முடியாது. மனப்பாடம் செய்து தேர்வில் எழுதலாம்; அடுத்த கேள்விக்கு அதற்குள்ளிருந்து பதில் எடுக்க முடியாது. இதைச் சுருக்கத்தான் வேண்டும். எதை வெட்டுவது, எதை வெட்டவே கூடாது என்பதில்தான் வேலை இருக்கிறது. வார்த்தைகளை மட்டும் எளிதாக்கினால், பொய்யான ஒரு சுருக்கம் கையில் மிஞ்சும் ஆபத்து இங்கே மற்றப் பாடங்களைவிட அதிகம்.

முதலில், அந்தப் பத்தி எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது என்று பார்க்கவேண்டும். பணவீக்கம் என்றால் என்ன? அதை எப்படி அளக்கிறார்கள்? ஏன் வருகிறது? வந்தால் யார் என்ன செய்வார்கள்? நான்கு கேள்விகள். பையன் கேட்டதோ முதல் கேள்வி ஒன்றைத்தான். ரெப்போ விகிதம், தேவை மிகுதி, பண அளிப்பு எல்லாம் மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு உரியவை. அவன் அவற்றைக் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். பத்தியில் பாதி இப்படியே விலகிவிடுகிறது, எந்த உண்மையும் கெடாமல்.

இரண்டாவது கேள்வியை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. பணவீக்கம் என்பது அளந்து சொல்லும் ஒன்று. எப்படி அளக்கிறார்கள் என்பதில் ஒரு துளியாவது பதிலுக்குள் இருந்தால்தான் அந்த 7.44 என்ற எண்ணுக்குப் பொருள் பிறக்கும்.

மிச்சமிருப்பதைச் சுருக்கும் வேலையை ஒரு வீட்டுக் கூடத்தில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். வங்கியில் வேலை பார்க்கும் சித்தி, பத்தாவது படிக்கும் பையன். சித்தி விளக்கிய பிறகு, “சரி, நீ சொல்லு பார்ப்போம்” என்கிறார். பையன் சொல்கிறான்: “வெலை ஏறுறதுதான் பணவீக்கம், சித்தி.”

நாட்டில் அதிகம் புழங்கும் சுருக்கம் இதுதான். “அப்ப தக்காளி வெலை ஏறுச்சே, அது பணவீக்கமாடா?” என்று சித்தி கேட்டதும் இது உடைந்துவிடுகிறது. 2023-இல் பயன்பட்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில், ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவு நூறு ரூபாய் என்றால் அதில் தக்காளிக்கு ஒதுக்கப்பட்ட பங்கு 57 காசு. மாதம் பத்தாயிரம் ரூபாய் செலவழிக்கும் வீட்டில் தக்காளிக்கு 57 ரூபாய். அந்த ஜூலையில் தக்காளி விலை ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிட 201 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. 201 சதவீதம் கூடியது என்றால் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. பழைய விலையோடு அதன் இரு மடங்கும் சேர்ந்து மூன்று மடங்கு ஆகிவிட்டது. மற்ற எந்தப் பொருளின் விலையும் அசையாமல் தக்காளி மட்டும் மும்மடங்கானது என்று கணக்குப் போட்டால், 57 ரூபாய் 171 ஆகும். பத்தாயிரம் ரூபாய்ச் செலவு 10,114 ஆகும். மொத்தத்தில் ஒன்றேகால் சதவீதம்கூட ஏறவில்லை. தக்காளி மட்டும் எகிறியது தக்காளியின் கதை. அது மொத்தக் கணக்கில் சேரும்போது எவ்வளவு அசைவைத் தருகிறது என்பதே பணவீக்கத்தின் கதை.

பையன் திருத்திக்கொள்கிறான்: “எல்லாத்தோட வெலையும் ஏறுறது.”

இதையும் அதே மாதமே மறுத்துவிடுகிறது. 2023 ஜூலையில் சமையல் எண்ணெய், கொழுப்பு வகைகளின் விலை, ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. உக்ரைன் போர் தொடங்கிய 2022-இல் உச்சத்துக்குப் போன எண்ணெய் விலை அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. காய்கறிகள் 37 சதவீதம் கூடின, எண்ணெய் இறங்கியது, வீட்டு வாடகையும் மருந்தும் துணிமணியும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்தன. பணவீக்கம் 7.44 என்றிருந்த மாதத்திலும் எல்லா விலையும் ஏறவில்லை. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து மொத்தச் செலவு எங்கே வந்து நின்றது என்பதே கேள்வி.

“அப்ப, ஒரு வீட்டோட மொத்தச் செலவு கூடுறதா?” இப்போது பையன் நெருங்கிவிட்டான். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை. அக்கா கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாலும் வீட்டுச் செலவு கூடும். புது போன் வாங்கினாலும் கூடும். தீபாவளி மாதம் யார் வீட்டில்தான் செலவு கூடாது? விலைவாசி நகராமலே செலவு இப்படி ஏற முடியும். ஆகவே “அதே பொருள், அதே அளவு” என்ற சொற்கள் பதிலுக்குள் வந்தே தீரவேண்டும். புள்ளியியல் அலுவலகமும் அதைத்தான் செய்கிறது. 2011-12-இல் மக்கள் எதற்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பிலிருந்து ஒரு பட்டியலைத் தயாரித்து, அதன் பங்குகளை மாற்றாமல் வைத்துக்கொண்டு, விலைகளை மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலும் நகரச் சந்தைகளிலும் மாதாமாதம் விசாரித்தது. 2023-இல் வந்த எண் அந்தப் பட்டியலிலிருந்து வந்ததுதான். அதில் அரிசி, பருப்பு மட்டும் இல்லை. பஸ் டிக்கெட், பள்ளிக் கட்டணம், நகர வீட்டு வாடகை, முடிதிருத்தும் கூலிவரை உண்டு. “சாமான் விலை” என்று சுருக்கினால் இவையெல்லாம் நழுவிவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி. எதோடு ஒப்பிடுவது? அரசின் விலைக் குறியீடு 2023 ஜூனில் 181.0, ஜூலையில் 186.3. ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிவிட்டது. ஆனாலும் தலைப்புச் செய்தியாக வந்த எண் அது கிடையாது. மழைக்காலத்தில் காய்கறி ஏறுவதும் அறுவடைக்குப் பின் இறங்குவதும் ஆண்டுதோறும் நடப்பவை. ஜூனையும் ஜூலையையும் ஒப்பிட்டால் பருவத்தின் ஏற்ற இறக்கமும் விலைவாசியின் போக்கும் கலந்துபோகும். அதனால்தான் ஜூலையை முந்தைய ஆண்டின் ஜூலையோடு ஒப்பிடுகிறார்கள். 2022 ஜூலையில் குறியீடு 173.4. அது 186.3 ஆனது. கூடியது 12.9. அதை 173.4-ஆல் வகுத்தால் 7.44 சதவீதம். நாடே பேசிய எண் இந்த ஒற்றை வகுத்தலில் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பையன் கைபேசியில் தானே போட்டுப் பார்க்கலாம். ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்க மாட்டான்.

தேவையான சரக்கெல்லாம் கைக்கு வந்துவிட்டது. இப்போது வாக்கியம் பண்ணலாம். எழுத்து நடையில் பண்ணினால் அது மறுபடி பாடப்புத்தகமாகிவிடும். பிள்ளை வாயால் சொல்லவேண்டியது என்பதால் பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும். தசமப் புள்ளியும் வேண்டாம், 7.44-க்கு 7 போதும். அந்த முக்கால், அரை எல்லாம் நிதிச் சந்தைக்காரர்களுக்குத் தேவைப்படலாம், பணவீக்கத்தின் பொருள் அதனால் மாறாது. சித்தியும் பையனும் முட்டி மோதி வந்து சேரும் பதில் இது:

“ஒரு சராசரிக் குடும்பத்துக்கு அரிசி, காய்கறி, வாடகை, பஸ், பீஸ் எல்லாம் சேர்த்து போன வருஷம் இதே மாசம் நூறு ரூபா ஆச்சுன்னு வெச்சுக்குவோம். அதே அளவுக்கு இந்த வருஷம் நூத்தியேழு ரூபா ஆனா, பணவீக்கம் ஏழு சதவீதம். அடுத்த வருஷம் அந்த ஏழு குறைஞ்சா வெலை இறங்கிருச்சுன்னு அர்த்தம் இல்ல, ஏறுற வேகம்தான் கொறஞ்சிருக்கு.”

மூன்று வாக்கியம். நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம் ஆகாது. குறியீட்டெண், பொது விலைமட்டம், வாங்கும் சக்தி என்ற எந்தக் கலைச்சொல்லும் இதில் இல்லை. ஆனால் அந்தச் சொற்கள் எதற்காக இருந்தனவோ அந்தப் பொருள் எல்லாம் உள்ளே இருக்கிறது. “எல்லாம் சேர்த்து” என்பது பொது விலைமட்டத்தின் இடத்தில் நிற்கிறது. “அதே அளவுக்கு” என்பது மாறாத பட்டியலைச் சொல்கிறது. “போன வருஷம் இதே மாசம்” ஒப்பீட்டைச் சொல்கிறது. மூன்றில் எதை எடுத்தாலும், மேலே பார்த்த ஓட்டைகளில் ஒன்று திறந்துகொள்ளும்.

மூன்றாவது வாக்கியம் எதற்கு என்று கேட்கலாம். இலக்கணப்படி பார்த்தால் விளக்கம் இரண்டாவதோடு முடிந்துவிட்டது. ஆனாலும் மூன்றாவதை வெட்டக் கூடாது என்பதற்கு 2024 ஜூலை ஒரு சான்று.

அந்த மாதத்துக்கான பணவீக்கம் 3.54 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக 4 சதவீதத்துக்குக் கீழே. “பணவீக்கம் சரிந்தது” என்று செய்தி வந்தால், கடைக்குப் போய்வரும் அம்மாவுக்கு அது வேறு உலகத்துச் செய்தியாகத்தான் படும். கடையில் எதுவும் சரியவில்லையே? குறியீட்டைப் பாருங்கள்: 2022 ஜூலையில் 173.4, 2023 ஜூலையில் 186.3, 2024 ஜூலையில் 192.9. மூன்றும் ஏறுமுகம். 2022-இல் நூறு ரூபாய்க்கு வாங்கியது 2023-இல் 107 ரூபாய் 44 காசு ஆனது. 2024-இல் ஏறத்தாழ 111 ரூபாய் 25 காசு ஆனது. முதல் ஆண்டு ஏழரை ரூபாய் ஏறியது, அடுத்த ஆண்டு நான்கு ரூபாய்கூட ஏறவில்லை. எண் சரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒப்பிட எடுத்துக்கொண்ட 2023 ஜூலையே தக்காளியால் வழக்கத்துக்கு மீறி உயர்ந்து நின்ற மாதம். உயரமான படியிலிருந்து அளந்தால் அடுத்த ஏற்றம் சின்னதாகத்தான் தெரியும்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி இலங்கையின் பணவீக்கம் 69.8 சதவீதம். சரியாக ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், 1.3 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதுபோல் தோன்றும். யாழ்ப்பாணத்திலோ வெள்ளவத்தையிலோ சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும், எதுவும் திரும்பவில்லை. 2021-இல் நூறு ரூபாயாக இருந்த செலவு ஏறத்தாழ 170 ஆகி, அதற்கு மேல் இரண்டே ரூபாய் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. ஏறிய 70 ரூபாய் ஏறியதுதான். பணவீக்கம் குறைந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டு, அரசு பொய் சொல்கிறது என்று எரிச்சல்படுபவர்களும் உண்டு. விலை இறங்கும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் இடம்கொடுக்காமல் இருக்க, அந்த மூன்றாவது வாக்கியம் பிள்ளையின் வாயில் இருக்கவேண்டும்.

இலங்கை எண் இன்னொரு சுருக்கத்தையும் சோதித்துப் பார்க்க உதவும். “பணத்தோட மதிப்பு கொறையுறதுதான் பணவீக்கம்” என்பார்கள். உண்மைதான்; ஆனால் எண்ணோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளை வழுக்கி விழும் இடம் அது. பணவீக்கம் 69.8 என்றால் நூறு ரூபாயின் மதிப்பு 30 ரூபாயாகிவிட்டது என்று கழித்துவிடத் தோன்றும். கணக்கு அப்படி இல்லை. நூறு ரூபாய்ப் பொருளுக்கு இப்போது 169.80 தரவேண்டும் என்றால், கையிலிருக்கும் நூறு ரூபாயால் பழைய விலையில் ஏறத்தாழ 59 ரூபாய்க்கான பொருளைத்தான் வாங்க முடியும். நூறை 1.698-ஆல் வகுக்கவேண்டும், கழிக்கக் கூடாது. பணவீக்கம் ஏழு சதவீதமாக இருக்கும்வரை கழித்தாலும் வகுத்தாலும் விடை ஒன்றுபோலவே இருப்பதால் தவறு வெளியே தெரியாது. இந்தச் சிக்கலைப் பிள்ளைக்கு முதல் நாளே தரவேண்டியதில்லை. செலவின் பக்கமிருந்து “நூறு, நூத்தியேழு” என்று சொன்னால் வகுத்தல் தேவையே இல்லை.

காரணத்தை விளக்கமாக்கிவிடுவது வேறொரு பழக்கம். “கவர்மென்ட் நெறைய நோட்டு அடிச்சா வர்றது” என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பணம் பெருகுவது ஒரு பெரிய காரணம்தான், அதில் சந்தேகமில்லை. இலங்கையில் மத்திய வங்கி அரசுக்குப் பணம் தந்து உதவியதும் 2022-இன் கதையில் சேரும். அதோடு, 2021-இல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததில் விளைச்சல் விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தைக்கு விட்டதும், ஒரு டாலருக்கு இருநூறு ரூபாய் அளவில் இருந்தது சில வாரங்களில் முந்நூறைத் தாண்டியது. எரிபொருளுக்குக் கொடுக்க டாலரே இல்லாமல் போனது. இவை எல்லாம் சேர்ந்தே அந்த எழுபது. 2023 ஜூலையின் இந்திய எண்ணுக்கோ நோட்டு அச்சடிப்பதோடு சம்பந்தமே இல்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் தக்காளி விலை அடிமாட்டுக்குப் போனதால் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் விவசாயிகள் வயலைக் கவனிக்காமல் விட்டார்கள். பிறகு வெயிலும் நோயும் தப்பிய மழையும் சேர்ந்து வரத்தைக் குறைத்தன. சென்னைக்குத் தக்காளி அனுப்பும் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் லாரிகள் குறைந்தன. காரணத்தைப் பதிலுக்குள் வைத்துவிட்டால், காரணம் மாறும் ஒவ்வொரு முறையும் பதில் பொய்யாகிவிடும்.

அதனால்தான் காரணத்தைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பையன் “ஏன் ஏறுது?” என்று கேட்டால் மட்டும் சொல்ல ஒரு வரி: “பொருள் வர்றது கொறஞ்சாலும் ஏறும், வாங்குறவங்க கையில காசு கூடுனாலும் ஏறும், டாலர் வெலை ஏறுனாலும் ஏறும்.” “யாரும் தடுக்க மாட்டாங்களா?” என்பதற்கு இன்னொரு வரி: “ரிசர்வ் வங்கி அதை நாலு சதவீதத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கணும், ரொம்ப ஏறுனா கடன் வட்டியை ஏத்தும், ஜனங்க செலவைக் கொறைப்பாங்க.” 2016-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்த ஏற்பாடு அது, இரண்டு சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம் என்ற சலுகையும் உண்டு. ஆனால் வட்டியால் தக்காளியை விளைவிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் காய்கறி விலை தற்காலிகமானது என்று கணித்த ரிசர்வ் வங்கி, ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து அசைக்கவில்லை. அக்டோபரில் பணவீக்கம் 4.87-க்குத் திரும்பிவிட்டது.

பதில் தயார் என்றதும் விட்டுவிடக் கூடாது. பிள்ளை அதை இன்னொருவருக்குச் சொல்லும்போது கூடவே நின்று கேட்கவேண்டும். ஏழாவது படிக்கும் தங்கையிடம் பையன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் பத்திரமாகப் போய்ச் சேரும். நூறு, நூற்றியேழு, ஏழு மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்பவை. எளிதில் உதிர்ந்துபோகக்கூடியது “இதே மாசம்”. அதற்கடுத்து “அதே அளவுக்கு”. உதிர்ந்ததைச் சொல்லித் திருத்துவதைவிட, அந்த ஓட்டை தெரியும்படி ஒரு கேள்வியைப் போடுவது பலன் தரும். “தீபாவளி மாசம் நம்ம வீட்ல செலவு கூடுச்சே, அதுவும் பணவீக்கமா?” என்று சித்தி கேட்டால், “இல்ல, அதே அளவு வாங்குனாத்தான் கணக்கு” என்று பையனே அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவான். “எண்ணெய் வெலை கொறஞ்சிருக்கே?” “எல்லாம் சேத்துப் பாக்கணும்.” “பணவீக்கம் கொறஞ்சிருச்சாம், தக்காளி ஏன் இன்னும் வெலை?” “வேகம்தான் கொறஞ்சிருக்கு.” கேள்வி ஒவ்வொன்றுக்கும் விடை அந்த மூன்று வாக்கியத்துக்குள்ளேயே கிடைக்கிறதா என்பதுதான் சுருக்கம் சரியாக வந்திருக்கிறதா என்று காட்டும் சோதனை. வெளியிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தால், வெட்டக் கூடாத எதையோ வெட்டிவிட்டோம் என்று பொருள்.

ஒரு கேள்விக்கு மட்டும் இந்தப் பதிலுக்குள் முழு விடை கிடைக்காது. அதை அனேகமாக அம்மாதான் அடுக்களையிலிருந்து கேட்பார்: “ஏழுதானா? நம்ம வீட்ல அதுக்கு மேல ஏறியிருக்கே!” அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். பதிலில் இருக்கும் “சராசரிக் குடும்பம்” என்ற சொல் அதற்காகத்தான் அங்கே நிற்கிறது. அந்த அரசுப் பட்டியலில் உணவு, பானங்களின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 46. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் சாப்பாட்டுக்கே அறுபது ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் உணவுப் பொருள்களின் விலை உயர்வு மட்டும் 11.51 சதவீதம். அறுபது ரூபாய்க்கு அந்த விகிதத்தில் ஏறத்தாழ 6 ரூபாய் 90 காசு. மீதி நாற்பது ரூபாய் 5 சதவீதம் ஏறியது என்று எடுத்துக்கொண்டால் 2 ரூபாய். இரண்டையும் கூட்டினால் அந்த வீட்டின் பணவீக்கம் கிட்டத்தட்ட 9 சதவீதம். நகரத்தில் சொந்த வீடும் காரும் உள்ள குடும்பத்தில் சாப்பாட்டின் பங்கு முப்பதுதான் என்றால் அதே கணக்கில் 7-ஐத் தொடாது. விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அரசு தனித்தனிக் குறியீடுகளை வெளியிடுவதும், அகவிலைப்படி கணக்கிட ஆலைத் தொழிலாளர் குறியீட்டை எடுப்பதும், ஒரே எண் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதால்தான்.

பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இந்த மாதம் மளிகைக்கு எவ்வளவு, காய்கறிக்கு எவ்வளவு, கேஸ் சிலிண்டருக்கும் பஸ்ஸுக்கும் டியூஷனுக்கும் எவ்வளவு என்று அம்மாவைக் கேட்டு எழுதச் சொல்லலாம். விலையோடு அளவையும் எழுதவேண்டும்: அரிசி எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை லிட்டர். அளவு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிட முடியாது. அடுத்த ஆண்டு இதே மாதம் அதே பட்டியலை எடுத்து, அன்றைய விலையை எதிரே எழுதிக் கூட்டி, பழைய தொகையால் வகுத்தால் அந்த வீட்டின் எண் கிடைத்துவிடும். தொலைக்காட்சியில் அறிவிக்கும் எண்ணோடு அதை வைத்துப் பார்த்து, எந்தப் பொருளில் வித்தியாசம் வந்தது என்று அவனே அம்மாவுக்குச் சொல்லலாம்.